இடிதாங்கியும் ஈரமண்ணும்

சுமைதாங்கிக் கல் சுமையைத் தாங்கி நிற்கும். அதே வாய்பாட்டில் அமைந்த சொல் இடிதாங்கி. ஆனால் கூரைமேல் நிற்கும் கம்பி எதையும் தாங்குவதில்லை. விழும் மின்னலைக் கீழே இறக்கிவிடுகிறது. தாங்க வேண்டியது மண். 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் இந்தக் கம்பியை விவரித்த பெஞ்சமின் பிராங்கிளின், அதன் அடிமுனை மூன்று, நான்கு அடி ஈரமண்ணுக்குள் இருக்க வேண்டும் என்றார். அந்த ‘ஈர’ என்ற அடைதான் மண்ணைப் பற்றிய முதல் அனுமானம்.

நாம் ‘எர்த்’ என்று சொல்வது தந்தி வேலையோடு வேரூன்றிய சொல். 1838-இல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல், தந்திக்கு வேண்டிய இரண்டு கம்பிகளில் ஒன்றை விட்டுவிட்டு அதன் இடத்தில் மண்ணையே பயன்படுத்திக் காட்டினார். அந்த மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க எளிய வழி தந்தவர் அமெரிக்கரான பிராங்க் வென்னர். நான்கு முளைகளைச் சம இடைவெளியில் அடித்து அளக்கும் அவருடைய முறை 1915-இல் வந்தது. ‘ஈரமண்’ எண்ணாக மாறியது. அதன் அலகு ஓம்-மீட்டர்.

இன்று 15 மாடிக் குடியிருப்புக்கான வடிவமைப்புக் குறிப்பில் ‘மண் தடைத்திறன் 100 ஓம்-மீட்டர் எனக் கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பிக் கணக்கிடுவோம். 3 மீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு குழாய் எர்த் ஏறத்தாழ 29 ஓம் தரும். கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று போட்டு இணைத்தால் மொத்தம் 8 ஓம் அளவில் நிற்கும். மின்னல் காப்புக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 10 ஓமுக்குள் அடங்கிவிட்டது.

தளத்தில் முளை அடித்துப் பார்த்தால் கதை மாறலாம். இடைவெளி 1.5 மீட்டரில் 60, 6 மீட்டரில் 200 என்று அளவு ஏறினால், மேலே களிமண், கீழே பாறை என்று பொருள். 200 என்றே கொண்டால் அந்த நான்கு குழாய்களும் சேர்ந்து 16 ஓம். இங்கே ஆழமாகத் துளைப்பது வீண். மேல்மண்ணிலேயே கட்டடத்தைச் சுற்றிப் பட்டைக் கம்பியை வளையமாகப் பதித்து, அடித்தளக் கம்பிகளோடு இணைப்பதே சரி. கரியும் உப்பும் கொட்டுவது குழியைச் சுற்றிய சிறிதளவு மண்ணை மட்டும் திருத்தும்; உப்பு மழையில் கரைந்து போய்விடும். அளவையும் மண் காய்ந்திருக்கும் மே மாதத்தில் எடுக்க வேண்டும். மழைக்குப் பின் வரும் எண் நம்மை ஏமாற்றும்.

10 ஓம் கிடைத்தாலும் வேலை முடியாது. 30,000 ஆம்பியர் மின்னல் இறங்கினால் அந்த எர்த் 3,00,000 வோல்ட்டுக்கு எழும். தண்ணீர்க் குழாய், லிப்ட் தண்டவாளம், மின்வாரிய எர்த் எல்லாம் அதே வளையத்தோடு கட்டப்பட்டிருந்தால் அவையும் சேர்ந்தே எழும். ஏதாவது ஒன்று தனித்து நின்றால், பொறி அதை நோக்கித் தாவும்.