ஒரு நாளைக்கு 6 நிமிஷ விளம்பரம் போதுமா? வ. புதுப்பட்டியில் சமுதாய வானொலி நடத்த ஆகும் செலவுக் கணக்கு

"நம்ம ஊருக்குன்னு ஒரு எஃப்.எம். இருந்தா எப்படி இருக்கும்?" கிராமங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அனுமதி வாங்குவது எப்படி என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஆரம்பித்த பிறகு மாதாமாதம் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு பக்கத்தில் உள்ள வ. புதுப்பட்டியில் ஒரு நிலையம் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரசு விதிகளும் அரசு விளம்பரக் கட்டணமும் உண்மையானவை. மற்ற விலைகளும் சம்பளமும் நமது தோராய மதிப்பீடு.

யார் தொடங்கலாம்?

தனிநபர் தொடங்க முடியாது. லாப நோக்கமில்லாத அமைப்புக்குத்தான் அனுமதி. 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவு திறந்தது. அப்படி வந்ததுதான் 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 2006-ல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. விவசாயிகளுக்கு சேவை செய்யும் வேளாண் அறிவியல் நிலையங்களும் நடத்தலாம். கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் கிடையாது.

எவ்வளவு தூரம் கேட்கும்?

வருமானக் கணக்கே இங்கேதான் ஆரம்பிக்கிறது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் கதிர்வீச்சுத் திறன் 100 வாட். ஆன்டெனா உயரம் அதிகபட்சம் 30 மீட்டர், அதாவது சுமார் 100 அடி. இதில் 5 முதல் 10 கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும்.

எஃப்.எம். சிக்னல் நேர்கோட்டில் போகும், மலையைத் தாண்டாது. வ. புதுப்பட்டிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற சிக்னல் காட்டுக்குத்தான். ஆள் இருப்பது மலையடிவாரத்திலும் கிழக்கிலும்தான்: வத்திராயிருப்பு, மகாராஜபுரம், சுந்தரபாண்டியம், இன்ஸ்டாகிராமில் வைரலான கூமாப்பட்டி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளும், ராஜபாளையத்து ஜவுளிக்கடைகளும் சிக்னல் எட்டுகிற எல்லைக்கு வெளியே போய்விடுகின்றன. கையில் காசுள்ள விளம்பரதாரர்கள் அங்கே, கேட்கிறவர்கள் இங்கே. "உங்க ரேடியோ எங்க கடையிலேயே கேட்கலையே" என்பவரிடம் விளம்பரம் வாங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆரம்ப முதலீடு எவ்வளவு?

50 வாட் டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா, கேபிள் எல்லாம் சேர்த்து 3.5 லட்சம். டவர், இடிதாங்கி, எர்த்திங் 3 லட்சம். மிக்சர், மைக், இரண்டு கம்ப்யூட்டர், ரெக்கார்டர் என ஸ்டூடியோ சாமான்கள் 3 லட்சம். எதிரொலி வராமல் அறையைத் தயார் செய்ய 1.5 லட்சம். யு.பி.எஸ்., பேட்டரி 1 லட்சம். மொத்தம் 12 லட்சம் ரூபாய்.

50 வாட் டிரான்ஸ்மிட்டர் வைத்து எப்படி 100 வாட் வரும் என்று கேட்கலாம். ஆன்டெனா சிக்னலை மேலே வானத்துக்கு விடாமல் பக்கவாட்டில் குவித்து அனுப்புவதால், வாங்கியதைப் போல இரு மடங்கு பலம் கிடைக்கிறது.

கருவிகளுக்கு மத்திய அரசின் மானியத் திட்டம் உண்டு. கருவி விலையில் 75 சதவீதம் வரை, அதிகபட்சம் 7.5 லட்சம் ரூபாய் என்று 2017-ல் அது உயர்த்தப்பட்டது. முழு மானியமும் கிடைத்தால்கூட கையிலிருந்து 4.5 லட்சம் போட வேண்டியிருக்கும்.

கரன்ட் பில் பயமுறுத்துமா?

நாள் முழுக்க ஓடுவதால் டிரான்ஸ்மிட்டர்தான் கரன்ட்டைக் குடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

50 வாட் டிரான்ஸ்மிட்டர் கூலிங் ஃபேனோடு சேர்த்து 200 வாட் இழுக்கிறது என்றே வைப்போம். தினமும் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 72 யூனிட். கம்ப்யூட்டர், மிக்சர், விளக்குகள் சேர்ந்து சுமார் 140 யூனிட். ஜன்னல் இல்லாத ஸ்டூடியோவுக்கு ஏ.சி. தேவை, ஒன்றரை டன் ஏ.சி. தினமும் 6 மணி நேரம் ஓடினால் அது மட்டும் 180 யூனிட். ஆக, டிரான்ஸ்மிட்டரைவிட ஏ.சி.க்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் செலவு. பதிவு வேலைகளை காலையிலேயே முடித்துக்கொண்டால் இதைக் கணிசமாகக் குறைக்கலாம்.

மொத்தம் 400 யூனிட்டுக்குப் பக்கம். வணிக இணைப்பாக இருந்தால் யூனிட்டுக்கு சுமார் 10 ரூபாய் என்று வைத்து, நிலைக் கட்டணத்தோடு மாதம் 4,500 ரூபாய் ஒதுக்க வேண்டும். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 9,000 ரூபாயாக ஒரே அடியில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

தன்னார்வலர்னா செலவே இல்லையா?

இருக்கு. காசு வாங்காமல் பேச வருகிறவருக்கும் பஸ் கட்டணம், டீ, சாப்பாடு தர வேண்டும். 10 பேர், ஆளுக்கு மாதம் 8 நாள் என்றால் 80 நாள். ஒரு நாளைக்கு 150 ரூபாய் வீதம் 12,000 ரூபாய். தினக்கூலிக்குப் போகிற ஒருவர் அரை நாள் விட்டுவிட்டு வந்தால் இந்த 150 அவருக்கு ஈடே ஆகாது. அதனால்தான் நடவு, அறுவடை சமயத்தில் தன்னார்வலர் பட்டியல் பாதியாகச் சுருங்கும்.

அவர்களை மட்டும் நம்பி நிலையத்தை ஓட்டவும் முடியாது. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. விளம்பரம் எந்த நாள், எந்த நேரம் ஓடியது என்று எழுதி வைக்காவிட்டால் பில் போட முடியாது. இதற்கெல்லாம் தினமும் வருகிற ஆள் வேண்டும். பொறுப்பாளருக்கு 18,000, டெக்னிக்கல் வேலையும் எடிட்டிங்கும் பார்ப்பவருக்கு 14,000, கணக்கும் விளம்பரமும் பார்ப்பவருக்கு 12,000 என்று வைத்தால் சம்பளமே 44,000 ரூபாய்.

இதோடு இன்டர்நெட், போன் 2,000. ஆடிட்டர், ஸ்பெக்ட்ரம் கட்டணம், இதர செலவு 3,500. பழுது, புதுக்கருவி நிதி 10,000. சம்பளம், தன்னார்வலர், கரன்ட் எல்லாம் சேர்த்தால் மாதச் செலவு 76,000 ரூபாய். கட்டடம் அமைப்புக்குச் சொந்தமானது என்று வைத்துக்கொண்டதால் வாடகை சேர்க்கவில்லை. சினிமா பாட்டு போட்டால் உரிமைக் கட்டணம் தனி. நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாராக வேண்டும் என்ற விதி இருப்பதால், நாற்று நடும் பாட்டும் கும்மியும் செலவைக் குறைக்கவும் உதவும்.

அந்த 10 ஆயிரத்தை ஏன் ஒதுக்கணும்?

முதலில் வெட்டப்படுவது இந்த வரிதான். ஆனால் மலையடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் 100 அடி டவர் நிற்கிறது. ஆன்டெனா கேபிள் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் சிக்னல் வெளியே போகாமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும். டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும்.

நிலையத்தில் உட்கார்ந்து கேட்டால் எதுவும் தெரியாது. எல்லையோரக் கிராமத்து ஆள் "நேத்திலிருந்து இரைச்சலா இருக்கு" என்று போன் செய்வார். டிரான்ஸ்மிட்டர் திரையில் திரும்பும் பவரைக் காட்டும் எண் இருக்கும். அதை தினமும் நோட்டில் எழுதிவந்தால் ஏறும்போதே தெரிந்துவிடும். ஒரு கனெக்டரை மாற்றுகிற செலவோடு போகும். கவனிக்காமல் விட்டால் பவர் ஆம்ப்ளிஃபயர் பகுதியே போய், நிலையம் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும்.

விளம்பரத்தில் எவ்வளவு வரும்?

2024 பிப்ரவரியில் சமுதாய வானொலிக்கான விதிகள் திருத்தப்பட்டன. ஒரு மணி நேரத்துக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடமானது. அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது.

பேப்பரில் பார்த்தால் ஆசையாக இருக்கும். 12 மணி நேர ஒலிபரப்பில் 144 நிமிடம் விளம்பரம் போடலாம். எல்லாம் 74 ரூபாய் கணக்கில் ஓடினால் ஒரு நாளைக்கே சுமார் 64 ஆயிரம். அப்படி எந்தக் கிராமத்து நிலையத்துக்கும் வராது. சரி, நமக்குத் தேவையான 76,000 ரூபாய்க்கு எவ்வளவு விளம்பரம் வேண்டும்? மாதம் சுமார் 10,270 விநாடி. ஒரு நாளைக்கு 6 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு!

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த 74 ரூபாய் அரசு தருகிற விலை. அதைப் பெற மத்திய மக்கள் தொடர்பகத்தின் பட்டியலில் நிலையம் சேர வேண்டும். சேர்ந்தாலும் விளம்பரம் தினமும் வராது. பிரசாரம் நடக்கிற மாதங்களில் மொத்தமாக வரும், அப்புறம் ஓய்ந்துவிடும். ஓடிய விளம்பரத்துக்குப் பணம் வரவும் காத்திருக்க வேண்டும்.

உள்ளூர் கடைக்காரர் கணக்கு வேறு. அரை நிமிட விளம்பரத்துக்கு அரசு விலை 222 ரூபாய். வத்திராயிருப்பு உரக்கடைக்காரர் அதைக் கேட்டால் நோட்டீஸ் அடித்துக்கொள்வார். தினமும் மூன்று முறை, மாதம் 2,000 ரூபாய் என்றால் யோசிப்பார். அதாவது ஒரு தடவைக்கு 22 ரூபாய், அரசு விலையில் பத்தில் ஒரு பங்கு. 10 கடை பிடித்தால் 20,000 ரூபாய். இதற்கே தினமும் 15 நிமிடம் போய்விடும். உள்ளூர் நிகழ்ச்சி, உள்ளூர் தொழில், சேவை, வேலைவாய்ப்பு சார்ந்த விளம்பரங்களைத்தான் விதிகள் குறிப்பிடுகின்றன என்பதால் பெரிய கம்பெனிகளை நம்பியும் திட்டம் போட முடியாது.

மீதி 56,000 ரூபாய் எங்கிருந்து?

ஆண்டுக்குப் பார்த்தால் பள்ளம் 6.72 லட்சம். அரசு விளம்பரத்தால் மட்டும் நிரப்ப வேண்டுமானால் மாதம் சுமார் 126 நிமிடம் வேண்டும். ஆறு மாதம்தான் அரசு விளம்பரம் வருகிறது என்றால், அந்த மாதங்களில் இதுவே 252 நிமிடம்.

இன்னொரு வழி, நிகழ்ச்சி ஸ்பான்சர். தனியார் கம்பெனி நிகழ்ச்சியையே ஸ்பான்சர் செய்ய விதி இடம் தராது. மத்திய, மாநில அரசுகளும், பொதுநலத் தகவல் தருகிற அமைப்புகளும் செய்யலாம். பிளவக்கல் அணைத் தண்ணீரில் நெல்லும், சுற்றிலும் தென்னையும் விளைகிற பகுதி இது. தென்னையில் வெள்ளை ஈ வந்தால் என்ன செய்வது என்று வேளாண் துறைக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு சதுரகிரிக்கு ஏறுகிற கூட்டத்துக்கு சுகாதாரத் துறையும் வனத் துறையும் அறிவிப்பு தர வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு அரை மணி நிகழ்ச்சி, ஒன்றுக்கு 3,000 ரூபாய் என இரண்டு துறைகள் ஒப்புக்கொண்டால் மாதம் 24,000 வரும். பள்ளம் 32,000 ஆகக் குறையும். அதையும் நிரப்ப அரசு விளம்பரம் மாதம் 72 நிமிடம் வந்தால் போதும், அதாவது ஒரு நாளைக்கு இரண்டரை நிமிடத்துக்குள்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் பணம் வருகிற தேதியும் சம்பளத் தேதியும் ஒன்றாக இருக்காது. மூன்று மாதச் செலவு, அதாவது 2.28 லட்சம் ரூபாய், முதல் நாளே வங்கியில் இருக்க வேண்டும். 12 லட்சத்தையும் கருவிக்கே கொட்டிவிட்டு இந்தத் தொகை இல்லாமல் ஆரம்பிக்கிற நிலையத்தில், எடிட்டிங் கற்றுக்கொண்ட பையன் மதுரைக்கு வேலைக்குப் போய்விடுவான். புது நிகழ்ச்சி குறைந்து ரிப்பீட் அதிகமாகும். நேற்று காலை கேட்ட பேட்டியே இன்று மாலையும் ஓடுகிறதென்றால், அந்த நிலையத்தின் கணக்கு நோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.