தீவலமும் ஏழடியும்: பொள்ளாச்சி வட்டாரக் கொங்கு வேளாளர் திருமணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இந்துத் திருமணத்தில் மணமக்கள் வேள்வித்தீயைச் சுற்றி ஏழடி வைப்பர் என்பது பரவலான கருத்து. கிருஹ்ய சூத்திரங்களில் தீவலமும் ஏழடியும் தனித்தனிச் சடங்குகளாக உள்ளன. இவ்வேறுபாட்டை விளக்கி, ஏழடியை மையமாகக் கொள்ளாத கொங்கு வேளாளர் திருமணத்தின் நிறைவை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: சப்தபதி, தீவலம், அருமைக்காரர், இணைச்சீர், மங்கல வாழ்த்து, பிரிவு 7.

முன்னுரை

அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் காட்டும் திருமணங்களில் வேள்வித்தீ இல்லை. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். ஆயின் அங்கு ஏழடி குறிக்கப்படவில்லை. எனவே தமிழ்த் திருமண வரலாற்றில் தீயையும் ஏழடியையும் ஒன்றாகக் கொள்ள இயலாது.

ஏழடியின் பொருளும் வரிசையும்

ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்தின்படி மணமகன் மணமகளின் கையைப் பற்றி மும்முறை தீயை வலம் வருகிறான். அவ்வலத்தோடு அம்மி மிதித்தலும் பொரியிடுதலும் இணைந்து நிகழ்கின்றன. அவை முடிந்த பின்னரே அவன் மணமகளை வடகிழக்குத் திசை நோக்கி ஏழடி நடத்துகிறான். முதலடி உணவிற்கும், இரண்டாமடி வலிமைக்கும், மூன்றாமடி செல்வப் பெருக்கிற்கும், நான்காமடி இன்பத்திற்கும், ஐந்தாமடி மக்கட்பேற்றிற்கும், ஆறாமடி பருவங்களுக்கும் உரியவை. ஏழாமடியில் அவளைத் தன் தோழியாகுமாறு அழைக்கிறான். பயன்களை வேண்டித் தொடங்கும் நடை, ஓர் உறவை நிறுவி முடிகிறது என்பது இவ்வரிசையின் உட்பொருள்.

இவ்வரிசை எல்லா மரபிற்கும் பொதுவன்று. தமிழகத்தில் பலர் பின்பற்றும் ஆபஸ்தம்ப மரபில் கைப்பற்றுதலை அடுத்து ஏழடி வந்துவிடுகிறது. அம்மி மிதித்தலும் பொரியிடுதலும் அதன் பின்னரே நிகழ்கின்றன. மூன்றாமடி நோன்பிற்கும் ஐந்தாமடி கால்நடைக்கும் உரியனவாக மாறுகின்றன. எனினும் இரு மரபிலும் ஏழடி என்பது ஒரு திசை நோக்கிய நடையே. சுற்றி வருதல் அன்று. வட இந்தியாவில் ஏழு முறை தீவலம் வரும் வழக்கமே இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதற்கு இடமளித்தது எனலாம்.

கொங்கு வேளாளர் திருமணம்

பொள்ளாச்சி, உடுமலை வட்டாரக் கொங்கு வேளாளரின் மரபுவழித் திருமணத்தில் சீர்களை நடத்துபவர் அருமைக்காரர். எழுதிங்கள் சீர் செய்துகொண்ட மணமான பெண்களே அருமைக்காரியர் ஆவர். குடிமகனாகிய நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுகிறார். இப்பாடலைக் கம்பர் இயற்றியதாக வழக்கு உண்டு. இணைச்சீரில் மணமகனோடு அவனுடைய உடன்பிறந்தாள் இணைந்து நிற்கிறாள். திருமணத்திற்குப் பின்னும் உடன்பிறந்தாளுக்கு அவ்வீட்டில் உள்ள உரிமையை இச்சீர் ஊரறியச் செய்கிறது.

ஏழடியில் உறவு கணவன் மனைவி இருவருக்கிடையே மந்திரத்தால் நிறுவப்படுகிறது. கொங்குச் சீர்களில் உடன்பிறந்தாள், தாய்மாமன், அருமைக்காரர், குடிமகன் ஆகியோரின் பங்கேற்பால் அவ்வுறவு நிறுவப்படுகிறது. இன்றைய மண்டபங்களில் வேள்வித்தீயும் சீர்களும் ஒரே மணவறையில் அடுத்தடுத்து நிகழ்வதுண்டு. அதனால் சீர்களைத் துணைச்சடங்குகள் எனவும், தீமுன் நிகழ்வதையே திருமணம் எனவும் கொள்ளும் பிழை எளிதில் நேர்கிறது.

சட்டத்தில் ஏழடி

ஏழாமடியில் திருமணம் நிறைவெய்தும் என்ற கருத்து மனுநூலிலேயே உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இதனை நிபந்தனையோடு ஏற்றது. பிரிவு 7(1) இருவரில் ஒருவருடைய வழக்கச் சடங்குகளின்படி திருமணம் நடக்கலாம் என்கிறது. அச்சடங்குகளில் சப்தபதி அடங்கியிருந்தால் மட்டுமே ஏழாமடியில் திருமணம் நிறைவுறும் என்பது பிரிவு 7(2). இங்கும் ஏழடி தீயின் முன் வைக்கப்படுவதாகவே கூறப்படுகிறது. சுற்றி வருதல் பேசப்படவில்லை.

இந்நிபந்தனையைக் கவனியாவிடின் நேரும் விளைவை எஸ். நாகலிங்கம் எதிர் சிவகாமி (2001) வழக்கு காட்டுகிறது. கணவர் 1984இல் மறுமணம் செய்ததாக முதல் மனைவி வழக்குத் தொடுத்தார். ஏழடி வைத்தமை மெய்ப்பிக்கப்படவில்லை என விசாரணை நீதிமன்றம் கணவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது; உச்சநீதிமன்றமும் அம்மாற்றத்தை உறுதிசெய்தது. தமிழகத்தில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த பிரிவு 7ஏ-இன்படி, உற்றார் முன்னிலையில் தாலி கட்டுதலே போதுமானது என்பதும், இத்தரப்பினர்க்குச் சப்தபதி இன்றியமையாததன்று என்பதும் தீர்ப்பின் சாரம். ஏழடியைப் பொது அளவுகோலாகக் கொண்டிருந்தால், அச்சடங்கு இல்லாத சமூகப் பெண்கள் இருதார மணத்திற்கு எதிரான சட்டப் பாதுகாப்பை இழந்திருப்பர்.

முடிவுரை

தீவலமும் ஏழடியும் வெவ்வேறு சடங்குகள். ஏழடியின் இடமும் பொருளும் சூத்திரத்திற்குச் சூத்திரம் மாறுபடுகின்றன. கொங்கு வேளாளர் திருமணத்தில் ஏழடி இடம்பெறாமையைக் குறையாகக் கொள்ளாது, உறவை நிறுவும் மற்றொரு முறையாகக் கொள்வதே பொருந்தும். எனவே திருமணச் சடங்குகளை ஆவணப்படுத்துவோர், அச்சமூகத்தார் எச்சீரோடு திருமணம் நிறைவுற்றதாகக் கருதுகின்றனர் என்பதை முதலில் பதிவு செய்தல் வேண்டும்.