முப்பது வருடம் நான் தப்பாகச் சொன்ன ஒரு வளைவு

இது கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் வேதியியல் படித்தவர்கள் கட்டாயம் கடைசிவரை படித்துவிடுங்கள். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகள் இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கிறாள். நொதிப் பாடத்தில் ஒரு வளைவு வரும், நினைவிருக்கும். கீழே தளப்பொருளின் அளவு, பக்கத்தில் வினையின் வேகம். கோடு முதலில் விறுவிறுவென்று ஏறும், பிறகு சாய்ந்து, கடைசியில் படுத்துவிடும். "ஏன் படுக்கிறது என்று அவள் கேட்டாள். நீங்க சொன்னதையே சொன்னேன் டீச்சர், சர்க்கரை தீர்ந்துபோகிறது, அதனால் வேகம் ஏறாது என்று. அதற்கு அவள், வலது ஓரத்தில்தானே சர்க்கரை மிக அதிகம், அங்கே போய் எப்படித் தீரும் என்கிறாள்" என்றாள்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கேட்டதுதான் சரி. நான் சொல்லிக்கொடுத்தது வேறொரு வளைவுக்கான விளக்கம். என்னை நானே கொஞ்சம் தேற்றிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. இந்த இரண்டு வளைவுகளையும் பிரித்துப் பார்க்க உலகத்துக்கே பத்து வருடம் பிடித்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் வினை. நாம் காப்பியில் போடும் சர்க்கரை சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கும் மூலக்கூறு அது. சுத்தமான தண்ணீரில் அறை வெப்பத்தில் போட்டு வைத்தால், அந்தக் கை தானாக விட்டுப் பாதி சர்க்கரை பிரிய நானூறு வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிரிவது ஆற்றலுக்கு லாபமான வினைதான். ஆனாலும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. பிணைப்பு பாதி முறிந்தும் முறியாமலும் நிற்கும் அந்த நிலையை மூலக்கூறு கடந்தாக வேண்டும். அதற்கு வேண்டியதைத்தான் கிளர்வு ஆற்றல் என்று படித்தோம்.

ஈஸ்ட்டில் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அந்த மேட்டைத் தாழ்த்துகிறது. அதன் குழிக்குள் சுக்ரோஸ் வந்து உட்கார்ந்ததும், அங்கே உள்ள ஓர் அமிலத் தொகுதி பிணைப்பின் ஆக்சிஜனுக்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. இன்னொரு தொகுதி ஃப்ரக்டோஸ் பக்கத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிறது. குளுக்கோஸ் விலகிப் போகிறது. பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து ஃப்ரக்டோஸையும் விடுவிக்கிறது. குழி காலி, அடுத்த சுக்ரோஸ் வரலாம். நொதி வினையின் முடிவை மாற்றுவதில்லை. எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கும். போய்ச் சேரும் நேரம் மட்டுமே குறைகிறது.

"குழி காலியானால்தான் அடுத்தது வரலாம்" என்பதை மட்டும் மறக்காதீர்கள். வளைவின் ரகசியம் அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் மது வடிப்பதன் வேதியியலை ஆராய்ந்த ஏட்ரியன் பிரவுன் 1902இல் இதைக் கவனித்தார். சர்க்கரை நிறைய இருக்கும்போது, இன்னும் கூட்டினாலும் நிமிடத்துக்குப் பிரியும் சர்க்கரையின் அளவு மாறவில்லை. நொதியும் சர்க்கரையும் சேர்ந்து கொஞ்ச நேரம் ஒன்றாக இருந்துவிட்டே பிரிகின்றன, அந்த நேரம்தான் வேகத்துக்கு எல்லை போடுகிறது என்று அவர் ஊகித்தார். ரேஷன் கடையில் எடை போடுபவர் ஒருவர்தான் என்றால் வரிசையில் ஐம்பது பேர் நின்றாலும் ஐந்நூறு பேர் நின்றாலும் மணிக்கு அதே எண்ணிக்கைதான் பொருள் வாங்கிப் போக முடியும். அரிசி தீர்ந்ததால் அல்ல, அவருடைய கை ஓய்வில்லாமல் இருப்பதால்.

அடுத்த வருடமே பாரிஸில் விக்டர் ஆன்றி இதைக் கணக்காக எழுதிவிட்டார். இன்று நாம் மனப்பாடம் செய்யும் சமன்பாட்டின் சாரம் அவருடைய 1903ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருக்கிறது. அப்படியானால் அவர் பெயர் ஏன் அதில் இல்லை? அவருடைய அளவீடுகள் கணக்குக்குத் தோள் கொடுக்கவில்லை.

இந்த வினையை அளப்பது போலாரிமீட்டரில். சுக்ரோஸ் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரிந்த கலவை இடப்பக்கம் திருப்பும். இந்தத் தலைகீழ் மாற்றத்தால்தான் இன்வர்டேஸ் என்றே பெயர். கோணத்தைப் படித்தால் எவ்வளவு பிரிந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் மூன்று இடத்தில் இடறலாம். ஒன்று, கரைசலின் அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலும் நொதியின் வேகம் மாறும். ஆன்றி காலத்தில் அதைக் கட்டுப்படுத்தும் வழக்கம் இல்லை. அமிலத்தன்மையை அளக்க இன்று நாம் பயன்படுத்தும் அளவுகோலை சோரன்சென் தந்ததே 1909இல்தான். இரண்டு, சுக்ரோஸிலிருந்து அப்போதுதான் விடுபட்ட குளுக்கோஸ் ஒளியை வழக்கத்தைவிட அதிகமாக வலப்பக்கம் திருப்பும். மெல்லத்தான் தன் இயல்பான கோணத்துக்கு வரும். உடனே படித்தால், நடந்த வினை குறைவாகத் தெரியும்.

மூன்றாவதுதான் என் தவறின் தாய்வீடு. ஒரே குடுவையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அளந்தால், எவ்வளவு பிரிந்தது என்பதற்கும் நேரத்துக்கும் ஒரு வளைவு கிடைக்கும். அதுவும் ஏறி, சாய்ந்து, படுக்கும். பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி. ஆனால் அது படுக்கக் காரணம் உண்மையிலேயே சர்க்கரை தீர்வது. போதாததற்கு, விளைந்த ஃப்ரக்டோஸ் நொதியை ஓரளவு தடுக்கவும் செய்யும். ஆன்றி அந்த முழு நேர வளைவைத் தன் கணக்குக்குள் அடக்கப் பார்த்தார். எல்லாச் சிக்கலும் அதில் கலந்துவிட்டது.

1912இல் கனடாவிலிருந்து மாட் மென்டன் என்ற பெண் மருத்துவர் கடல் கடந்து பெர்லினுக்குப் போனார். அங்கே ஒரு மருத்துவமனையின் சிறிய ஆய்வகத்தில் இருந்த லியோனர் மிகேலிஸுடன் சேர்ந்து இதே சோதனையை மறுபடி செய்தார். கரைசலின் அமிலத்தன்மை மாறாமலிருக்க அசிட்டேட் தாங்கல் கரைசல் சேர்த்தார்கள். வெப்பம் 25 டிகிரி. குறித்த நேரங்களில் கொஞ்சம் எடுத்துச் சலவைச் சோடாக் கரைசலில் விட்டார்கள். அந்தக் காரம் நொதியை நிறுத்திவிடும், குளுக்கோஸையும் சட்டென்று இயல்பான கோணத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முழு வளைவையும் விட்டுவிட்டு அதன் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறையாத, ஃப்ரக்டோஸ் சேராத முதல் சில நிமிடங்களின் சாய்வு. அதுதான் வேகம். பிறகு நொதியின் அளவை மாற்றாமல், சர்க்கரையின் அளவை மட்டும் மாற்றி வேறொரு குடுவை, அதற்கொரு சாய்வு. ஆக, நம் பாடப்புத்தக வளைவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிச் சோதனை. அதில் இடமிருந்து வலம் போகும்போது நேரம் ஓடவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை.

அவர்களுடைய எண்களைக் கிராமுக்கு மாற்றிச் சொல்கிறேன். லிட்டருக்கு 1.8 கிராம் சர்க்கரை இருந்தபோது அவர்கள் அலகில் வேகம் 0.87. அதை இரட்டித்து 3.6 கிராம் ஆக்கியதும் 1.47, ஏறக்குறைய 1.7 மடங்கு. ஆனால் 57 கிராமை 114 ஆக்கியபோது? இரண்டிலும் 3.64. சர்க்கரை இரட்டிப்பு, வேகத்தில் மாற்றமே தெரியவில்லை. 114 கிராம் உள்ள குடுவையில் சர்க்கரை எங்கே தீர்ந்தது? தீர்ந்தது காலிக் குழிகள்.

இதைச் சொல்லும் சமன்பாடு:

v = Vmax [S] / (Km + [S])

Vmax என்பது எல்லாக் குழிகளும் நிரம்பினால் வரக்கூடிய உச்ச வேகம். Km என்பது அதில் பாதி வேகத்தைத் தரும் சர்க்கரையின் அளவு. அவர்களுக்குக் கிடைத்த Km லிட்டருக்கு 0.0167 மோல், அதாவது சுமார் 5.7 கிராம். அந்த அளவில் எந்த நேரத்திலும் பாதிக் குழிகள் நிரம்பியிருக்கும். அதைப்போல் பத்து மடங்கான 57 கிராமில் நூற்றுக்கு 91 குழிகள், இருபது மடங்கான 114 கிராமில் 95. அந்த நாலு குழி வித்தியாசம் அளவீட்டின் பிழைக்குள் மறைந்துவிட்டது. கோடு உச்சத்தை நெருங்குமே தவிர ஒருநாளும் தொடாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

படுத்ததற்குக் காரணம் நொதிதான் என்று எப்படி உறுதி செய்வது? நொதியை இரட்டித்துப் பாருங்கள். படுத்த கோடு இரு மடங்கு உயரத்துக்கு எழும்பும். எடை போட இன்னொருவர் வந்துவிட்டார். ஆனால் பாதி வேகம் வரும் இடம், அந்த 5.7 கிராம், நகராது. அது நொதி எத்தனை என்பதைப் பொறுத்ததல்ல, நொதியின் குணம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நொதியும் சர்க்கரையும் சேர்வதும் விலகுவதும் மிக வேகம், வினை நடப்பது மெதுவு என்று மிகேலிஸும் மென்டனும் வைத்துக்கொண்டார்கள். அப்படி வைக்காமலும் அதே சமன்பாடு வரும் என்று 1925இல் பிரிக்ஸும் ஹால்டேனும் காட்டினார்கள். அதனால் Km குறைவாக இருந்தாலே பிடிப்பு இறுக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. இந்த ஹால்டேன்தான் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேஸ்வரில் கண்மூடியவர்.

1913இல் வெளிவந்த கட்டுரையில் மிகேலிஸும் மென்டனும் ஆன்றியின் பங்கை மறைக்கவில்லை, தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். மென்டன் பின்னாளில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் நெடுங்காலம் வேலை செய்தார். முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது எழுபது வயதை ஒட்டி, ஓய்வுபெறும் தறுவாயில்.

நேற்று அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். "உன் அம்மா மேல் தப்பில்லை கண்ணு, நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "அப்போ அந்த ரெண்டு வளைவையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு அனுப்புங்க பாட்டி" என்றாள். வரைந்து அனுப்பிவிட்டேன். கீழ்க்கோட்டில் ஒன்றில் நேரம், மற்றதில் சர்க்கரை என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

என்னிடம் படித்து இப்போது பாடம் எடுக்கும் பிள்ளைகளே, தயவுசெய்து உங்கள் வகுப்பிலும் திருத்திச் சொல்லிவிடுங்கள்.