தயாரிப்பு ரோட்மேப்பும் புராஜெக்ட் பிளானும்

தயாரிப்பு ரோட்மேப் என்பது ஒரு மென்பொருளோ பொருளோ அடுத்த சில ஆண்டுகளில் எந்தத் திசையில் வளர வேண்டும், எந்தச் சிக்கலை முதலில் தீர்க்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஆவணம். புராஜெக்ட் பிளான் என்பது எல்லை முடிவான ஒரு வேலையை யார், எந்த வரிசையில், எந்த நாளுக்குள் முடிப்பார்கள் என்பதைச் சொல்லும் ஆவணம். ரோட்மேப் தயாரிப்பு உயிரோடு இருக்கும்வரை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். புராஜெக்ட் பிளானுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. வேலை முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.

இரண்டையும் பிரிப்பது கால அளவு என்றுதான் பலரும் சொல்வார்கள்: ரோட்மேப் ஆண்டுகளில் பேசும், பிளான் வாரங்களில் பேசும். அது சரிதான், ஆனால் மேலோட்டமானது. எழுதியது நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. ரோட்மேப்பில் ஓர் அம்சம் பின்னுக்குப் போனால் அதை முன்னுரிமை மாற்றம் என்பார்கள். பிளானில் ஒரு நாள் தவறினால் அது தாமதம். காரணத்தைப் பதிய வேண்டும், ஒப்புதல் பெற வேண்டும், அந்த நாளை நம்பி வேலையைத் தொடங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் ஒப்புக்கொண்ட நாள்களை பேஸ்லைன் என்று உறையவைத்து, பிறகு வரும் ஒவ்வொரு விலகலையும் அதோடு ஒப்பிட்டு அளப்பது இதற்காகத்தான்.

இந்த இரண்டும் கலந்தால் என்ன நேரும், பிரித்தால் என்ன நேரும் என்பதற்கு ஜாவா மொழியின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதன் வளர்ச்சி பெரும்பாலும் பொதுவெளியில் நடப்பதால், ஒவ்வொரு ஒத்திவைப்பும் காரணத்தோடு பதிவாகியிருக்கிறது.

கலந்தபோது: ஜிக்சா

ஜாவா 6 வந்தது 2006 டிசம்பரில். ஜாவாவின் மாபெரும் நூலகத்தைத் தனித்தனி மாட்யூல்களாகப் பிரிக்கும் ஜிக்சா என்ற வேலை 2008இல் அறிவிக்கப்பட்டது. அது ஜாவா 7இல் வரும் என்பது எண்ணம். எண்ணமாக மட்டும் இருந்திருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் அன்றைய முறையில் ஒவ்வொரு வெளியீடும் சில பெரிய அம்சங்களைச் சுற்றியே அமைந்தது. அவை முடிந்தால்தான் வெளியீடு. ஆக, ரோட்மேப்பில் இருக்க வேண்டிய ஆய்வு வேலை, வெளியீட்டுப் பிளானின் நடு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் நிச்சயமின்மை மொத்த வெளியீட்டு நாளுக்கும் தொற்றியது.

2010 செப்டம்பரில் ஜாவா தளத்தின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட் இரண்டு வழிகளை முன்வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்து 2012இன் நடுப்பகுதியில் வெளியிடுவது ஒன்று. ஜிக்சா, லாம்டா போன்றவற்றைக் கழற்றிவிட்டு, முடிந்ததை 2011இன் நடுப்பகுதியில் வெளியிட்டு, மீதியை ஜாவா 8க்குத் தள்ளுவது மற்றொன்று. இரண்டாவது வழி தேர்வானது. ஜாவா 7 சொன்னபடி 2011 ஜூலையில் வந்தது. முந்தைய பதிப்புக்குப் பிறகு நாலரை ஆண்டு கழித்து!

ஜிக்சா ஜாவா 8க்கும் தயாராகவில்லை. 2012இல் அது ஜாவா 9க்குப் போனது. ஜாவா 8இன் நாளும் 2013 செப்டம்பரிலிருந்து 2014 மார்ச்சுக்கு நகர்ந்தது. இதற்குக் காரணம் ஜிக்சா அல்ல, பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யப் பொறியாளர்களைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. ஜாவா 9இலோ ஜிக்சாதான் மையம், கழற்றிவிட வழியில்லை. 2016 செப்டம்பர் என்று குறித்த நாள், 2017 மார்ச் ஆனது, பிறகு ஜூலை ஆனது. அதற்குள் 2017 மே மாதம், ஜாவா தரநிலைகளை முடிவுசெய்யும் குழுவில் மாட்யூல் முறைக்கு எதிராக 13 வாக்குகளும் ஆதரவாக 10 வாக்குகளும் விழுந்தன. திருத்தி மறுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோனதில் வெளியீடு செப்டம்பர் 21க்குத் தள்ளிப்போனது. பொறியாளர் எத்தனை மணிநேரம் உழைத்தாலும் வெளிக்குழுவின் வாக்கை அட்டவணையில் அடக்க முடியாது. அப்படிப்பட்ட சார்பு பிளானுக்குள் இருந்தால், அதில் போட்ட நாளுக்கு ஊகத்துக்கு மேல் மதிப்பு இல்லை.

இந்தக் கதையில் யாரும் சோம்பியிருக்கவில்லை, திட்டமிடத் தெரியாதவர்களும் அல்லர். விடை தெரியாத ஒரு கேள்விக்கு நாள் குறித்ததுதான் பிழை.

பிரித்தபோது: ஆறு மாத வெளியீடு

ஜாவா 9 வெளிவந்த அதே மாதத்தில் ரைன்ஹோல்ட் புதிய முறையை முன்மொழிந்தார். இனி ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, மார்ச்சிலும் செப்டம்பரிலும். எந்த அம்சத்துக்காகவும் நாள் நகராது. தயாரான அம்சம் ஏறிக்கொள்ளும், தயாராகாதது அடுத்ததற்குக் காத்திருக்கும். ஜாவா 10 2018 மார்ச்சில் வந்தது. அன்றுமுதல் ரோட்மேப்பும் பிளானும் இரு தனி ஏற்பாடுகளாக இயங்குகின்றன.

ரோட்மேப்பின் அலகு, JEP எனப்படும் மேம்பாட்டு முன்மொழிவு. 2011இல் எழுதப்பட்ட JEP 1 தன்னை நேரடியாகவே ரோட்மேப் நடைமுறை என்று அழைத்துக்கொள்கிறது. சிக்கலான வேலைகளை ஆராய்ந்து செய்து முடிக்க இடம் வேண்டும் என்பதற்காகக் குறைந்தது மூன்று ஆண்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும் என்கிறது. ஒரு முன்மொழிவு `Candidate` நிலைக்கு வந்தால் அது ரோட்மேப்பில் இடம்பெற்றுவிட்டது என்று பொருள். எந்தப் பதிப்பில் வரும் என்பதற்கு அதில் உறுதி கிடையாது. பல முன்மொழிவுகள் இந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதை யாரும் தாமதம் என்று கணக்கு வைப்பதில்லை.

எண்ணம் உறுதிமொழியாக மாறும் புள்ளி அடுத்த நிலை: `Proposed to Target`. வேலை ஏறக்குறைய முடிந்து, சோதனைகளும் தேறிய பிறகு, உரிமையாளர் ஒரு குறிப்பிட்ட பதிப்பின் பெயரைச் சொல்லி இதை முன்வைக்கிறார். வழக்கமாக ஒரு வாரம் ஆட்சேபத்துக்கு விடப்படும். ஆட்சேபம் இல்லாவிட்டால், அல்லது எழுந்ததற்குத் தக்க பதில் கிடைத்துவிட்டால், `Targeted` ஆகும். அதற்குப் பிறகுதான் அந்த அம்சம் அந்தப் பதிப்பின் பிளானில் ஒரு வரியாகிறது. வேலை பெரும்பாலும் முடிந்த பின்னர் வாக்குக் கொடுப்பதால்தான் அந்த வாக்கு நிற்கிறது.

பிளானின் பக்கம் எப்படியிருக்கும் என்பதற்கு ஜாவா 21 ஓர் எடுத்துக்காட்டு. அதன் அட்டவணையில் ஐந்தே நாள்கள். 2023 ஜூன் 8 அன்று புதிய அம்சங்களுக்குக் கதவு மூடப்பட்டு, அந்தப் பதிப்புக்கான குறிமுறைக் கிளை தனியே பிரிந்தது. ஜூலை 20 அன்று திருத்தங்களுக்கான விதி இன்னும் இறுகியது. ஆகஸ்ட் 10இல் முதல் இறுதிநிலைப் பதிப்பு, 24இல் கடைசி இறுதிநிலைப் பதிப்பு, செப்டம்பர் 19இல் பொது வெளியீடு. நாள் நெருங்க நெருங்க எந்தக் குறையைத் தொடலாம் என்பதும் சுருங்கும்: முதலில் முதல் மூன்று தர முக்கியத்துவமுள்ள குறைகள், பிறகு முதல் இரண்டு, கடைசியில் வெளியீட்டையே தடுக்கும் முதல் தரக் குறை மட்டும். பிளான் ஒரு நாளைக் காப்பாற்றுவது இப்படித்தான். கடைசி நேர ஆசைகளை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை அது முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்கிறது.

அந்தப் பதிப்பில் வந்த விர்ச்சுவல் த்ரெட்டுகள் இரு ஏற்பாடுகளையும் கடந்து வந்தவை. லூம் என்ற பெயரில் 2017இல் முன்மொழியப்பட்ட வேலை அது. ஜாவா 19இல் சோதனை அம்சமாகவும், 20இல் மறுமுறை அதே நிலையிலும், 21இல் JEP 444 ஆக நிலையாகவும் வந்தது. அப்போதும் ஒரு குறை மிச்சமிருந்தது: `synchronized` பகுதிக்குள் காத்திருக்க நேர்ந்தால் விர்ச்சுவல் த்ரெட் தன் அடியிலுள்ள உண்மையான த்ரெட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய முறையாக இருந்தால் இந்தக் குறைக்காக மொத்த வெளியீடும் நின்றிருக்கக்கூடும். இப்போது அது ரோட்மேப்புக்குத் திரும்பி, JEP 491 ஆக 2025 மார்ச்சில் ஜாவா 24இல் தீர்ந்தது.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் என்ற அம்சம் ஜாவா 21இலும் 22இலும் சோதனை அம்சமாக வந்தது. வடிவமைப்பு சரியில்லை என்று தோன்றவே 23இல் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சிலருக்கு வருத்தம்தான். ஆனால் ஜாவா 23இன் நாள் அதனால் அசையவில்லை. சோதனை அம்சம் என்ற முத்திரையே, இதை நம்பி வீடு கட்டாதீர்கள் என்று பயனருக்குச் சொல்லியிருந்தது.

எழுதினால் வாக்கு ஆகுமா

உறுதிமொழியின் கனம் பொறியியலோடு நிற்பதில்லை, கணக்குப் புத்தகம்வரை போகிறது. அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி, ஒரு மென்பொருளை விற்கும்போது இன்ன அம்சம் பின்னால் தருவேன் என்று குறிப்பிட்டு வாக்களித்தால், அது தனியாக நிறைவேற்ற வேண்டிய கடமையாகக் கருதப்படலாம். அப்போது விற்பனைத் தொகையின் ஒரு பகுதியை அந்த அம்சம் கொடுக்கப்படும்வரை வருவாயாகக் காட்ட முடியாது. ஆரக்கிள் உட்படப் பெரிய நிறுவனங்கள் ரோட்மேப்பைப் பேசுமுன் ஒரு மறுப்புரைப் பக்கத்தைத் திரையில் காட்டுவதற்கு இது முக்கியமான காரணம். இது பொதுவான திசை மட்டுமே, இதை நம்பி வாங்கும் முடிவெடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். பார்வையாளர் அதைப் படிக்காமல் கடந்துவிடுவார்கள். விற்பனையாளரின் வழக்கறிஞர் கடக்கமாட்டார்.

பெயரை வைத்து மட்டும் முடிவுக்கு வரவும் கூடாது. ஆரக்கிள் வெளியிடும் ஜாவா ஆதரவு ரோட்மேப், பெயருக்கு ரோட்மேப்பாக இருந்தாலும், எந்தப் பதிப்புக்கு எந்த மாதம்வரை கட்டண ஆதரவு உண்டு என்று சொல்கிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பதிப்பு மாற்றத்துக்கான தங்கள் பிளானை அந்த மாதத்தைக் கொண்டுதான் போடுகின்றன.

ஆகவே கையிலிருக்கும் ஆவணம் எது என்று அறிய, அதில் ஏதாவது ஒரு வரியை அழித்துப் பார்க்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றால் அது ரோட்மேப். ஒப்புதலும் விளக்கமும் தேவைப்பட்டால் அது பிளான். ஒன்பது மாதம் தள்ளியுள்ள அம்சத்துக்குத் தேதியும் கிழமையும் போட்டிருந்து, பொறுப்பாளர் பெயரோ சார்பு வேலைகளோ இல்லையென்றால், அது பிளான் வேடமிட்ட ரோட்மேப். மாதந்தோறும் நாள் நகர்ந்தும் பழைய நாள் எங்கும் பதிவில் இல்லையென்றால், அந்தக் குழுவிடம் உண்மையில் பிளான் இல்லை.

ஜாவாவின் ரோட்மேப்பில் மிக நீண்டகாலமாக இருக்கும் வேலைகளில் ஒன்று, 2014இல் தொடங்கிய வல்ஹல்லா. அதன் மைய அம்சமான வேல்யூ கிளாஸ்கள் ஜாவா 25இலும் இடம்பெறவில்லை. ஜாவா 25 அட்டவணையில் இருந்தபடியே 2025 செப்டம்பர் 16 அன்று வெளியானது.