இலக்கங்களை எண்ணிய பிரிக்ஸ்



போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை பேத்தி போன வாரம் ஒரு கணக்கு கேட்டாள். 2^100 பெரியதா, 3^60 பெரியதா? கால்குலேட்டர் கூடாது. 2-ஐ நூறு முறை எழுதிப் பெருக்குவதா, 3-ஐ அறுபது முறை எழுதிப் பெருக்குவதா என்று மலைத்துப் போயிருந்தாள்.

பெருக்கவே வேண்டாம். நூறுக்கும் அறுபதுக்கும் பொதுவாக 20 இருக்கிறது. 2^100 என்பது 2^5-ஐ, அதாவது 32-ஐ, இருபது முறை பெருக்கியது. 3^60 என்பது 3^3-ஐ, அதாவது 27-ஐ, இருபது முறை பெருக்கியது. 32 பெரியது. கணக்கு முடிந்தது.

எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பத்தின் அடுக்கை நிறுத்துவது. 2^10 என்றால் 1024, ஆயிரத்தைவிடச் சற்றே அதிகம். ஆகவே 2^100 என்பது 10^30-ஐவிடப் பெரியது. 3^2 என்றால் 9, பத்தைவிடக் குறைவு. ஆகவே 3^60 என்பது 10^30-ஐவிடச் சிறியது. முன்னதற்குக் குறைந்தது 31 இலக்கம், பின்னதற்கு அதிகபட்சம் 30. இலக்கத்தை எண்ணியே தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

இப்படி இலக்கத்தை எண்ணுவதை ஒருவர் பெரிய வேலையாகவே எடுத்துச் செய்தார். அவர் ஹென்றி பிரிக்ஸ், லண்டன் கிரஷாம் கல்லூரியின் வடிவியல் பேராசிரியர். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதைப் படித்த பிரிக்ஸ் மறு ஆண்டே எடின்பரோவுக்குப் பயணம் போய் நேப்பியரைச் சந்தித்தார். ரயில் இல்லாத காலம், குதிரையிலும் வண்டியிலும் நாட்கணக்கில் போக வேண்டிய தூரம். மடக்கையைப் பத்தை அடிமானமாக வைத்து அமைக்கலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த வேலையைத் தொடர நேப்பியருக்கு ஆயுள் இல்லை, 1617-இல் இறந்துவிட்டார். முழுச் சுமையும் பிரிக்ஸ் தலையில் விழுந்தது.

பத்தை எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 2 கிடைக்கும்? அதுதான் 2-இன் மடக்கை. அதைக் காண பிரிக்ஸ் காட்டிய வழிகளில் ஒன்று நம் கணக்கைப் போன்றதே. 2^10-க்கு 4 இலக்கம். 2^100-க்கு 31. 2^1000-க்கு 302. 2^10000-க்கு 3011. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 3, 30, 301, 3010. மடக்கை 0.3010 என்று தானாகவே வெளிப்படுகிறது. இதற்கு எண்ணை முழுதாக எழுத வேண்டியதில்லை. முன்னால் உள்ள சில இலக்கங்களைக் கவனமாக வைத்துக்கொண்டு, பின்னால் எத்தனை இடம் இருக்கிறது என்று கணக்கு வைத்தால் போதும். (அவருடைய முக்கியமான வழி இதைவிடக் கடுமையானது. பத்துக்கு வர்க்கமூலம், அதற்கு வர்க்கமூலம் என்று 54 முறை கையாலேயே எடுத்தார்!)

1624-இல் வந்த அவர் நூலில் மடக்கைகள் 14 தசம இடம் வரை இருக்கின்றன. எதற்கு இத்தனை என்று தோன்றும். பேத்தியின் கணக்கைச் சற்றே மாற்றினால் தெரியும்.

2^100 பெரியதா, 3^63 பெரியதா? இப்போது 100-க்கும் 63-க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லை. முதல் வழி அடைபட்டது. இலக்கத்தை எண்ணினால் இரண்டுக்குமே 31. இரண்டாம் வழியும் அடைபட்டது. மடக்கைதான் கதி. 2-இன் மடக்கை 0.30, 3-இன் மடக்கை 0.48 என்று இரண்டு இடத்தோடு நிறுத்திப் பாருங்கள். நூறால் பெருக்கினால் 30.00. அறுபத்து மூன்றால் பெருக்கினால் 30.24. 3^63 பெரியது என்று விடை வரும். தவறான விடை!

நாம் வெட்டி எறிந்த சிறு பிழையும் கூடவே நூறு மடங்காகப் பெருகிவிட்டது. நான்கு இடம் எடுத்தால் 0.3010, 0.4771. இப்போது 30.10, 30.0573 என்று வரும். வித்தியாசம் 0.04-க்கு மேல். இதை நம்பலாமா? நான்காம் இடத்தில் முழுமையாக்கும்போது ஒவ்வொரு மடக்கையிலும் பிழை 0.00005-க்கு மேல் போகாது. அதை 163-ஆல் (100-உம் 63-உம் சேர்ந்தது) பெருக்கினாலும் 0.009-ஐ எட்டாது. பிழையைவிட வித்தியாசம் பெரிது. ஆகவே 2^100 தான் பெரியது, ஐயமில்லை. உண்மையில் முன்னது 126 என்று தொடங்குகிறது, பின்னது 114 என்று. அவ்வளவு நெருக்கம்.

வகுப்பில் நாம் புரட்டிய மடக்கை அட்டவணையும் நான்கு இடம்தான், நினைவிருக்கிறதா? கோள்களின் பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு அது போதாது.

பிரிக்ஸ் நூலிலும் ஓர் இடைவெளி இருந்தது. 1 முதல் 20,000 வரையும், 90,000 முதல் 1,00,000 வரையும் மட்டுமே அதில் உண்டு. நடுவில் விட்டுப்போன எழுபதாயிரத்தை ஹாலந்தின் அட்ரியான் விளாக் 1628-இல் சேர்த்து வெளியிட்டார். ஆனால் 10 தசம இடங்களோடு நிறுத்திக்கொண்டார்.

பழக்கதோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் முடிக்க முடியவில்லை. 2^100 பெரியதா, 5^43 பெரியதா? 5-இன் மடக்கை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 5 என்பது பத்தில் பாதி. இரண்டு பக்கத்தையும் 2^43-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழிமுறையும் வேண்டும்.