சம்பளக் கவரிலிருந்து வங்கிக் கோப்புக்கு: கூலி கொடுத்ததற்கான சான்று மாறிய வரலாறு

கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஒரு கேட்டரிங் சமையற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் முன்பு கவரில் போட்டுக் கையில் தரப்பட்டது. இப்போது முதலாளி ஒரே கோப்பை வங்கித் தளத்தில் ஏற்றுகிறார். ஒன்பது கணக்குகளுக்கும் பணம் போய்விடுகிறது. கவர் இருந்த காலத்தில் சான்றாக இருந்தது பட்டுவாடாப் பதிவேட்டில் தொழிலாளி போட்ட கையெழுத்து அல்லது கைநாட்டு. கவர் போனதும் அதுவும் போயிற்று. அதன் இடத்தில் வங்கிக் கணக்கு அறிக்கை வந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். வங்கி அறிக்கையால் அந்த இடத்தைப் பாதிதான் நிரப்ப முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏன் என்று புரிய, கூலியைக் காசாகத்தான் தரவேண்டும் என்று சட்டம் ஒருகாலத்தில் வற்புறுத்தியதன் காரணத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஆலை முதலாளிகள் கூலிக்குப் பதிலாகப் பண்டங்களையும் தங்கள் கடையில் மட்டுமே செல்லும் சீட்டுகளையும் தந்துவந்தார்கள். 1831-இன் டிரக் சட்டம் அதைத் தடுத்து, கைவினைத் தொழிலாளருக்குக் கூலி நாட்டில் செல்லும் நாணயமாகவே தரப்பட வேண்டும் என்றது. இந்தியாவில் 1929-இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931-இல் அறிக்கை தந்தது. கூலியைத் தாமதமாகக் கொடுப்பது, அபராதம் என்ற பெயரில் பிடிப்பது, ஆள்பிடிக்கும் இடைத்தரகர் நடுவில் நிற்பது ஆகிய கோளாறுகள் அந்த ஆணையத்தின் விசாரணையில் பெரிதாக எழுந்தன. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம். 1937 மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்தபோது அது முதன்மையாக ஆலைகளுக்கும் ரயில்வேக்கும் உரியதாக இருந்தது. மாதம் 200 ரூபாய்க்குக் குறைவாக வாங்குவோரைக் காத்தது. அதன் 6-ஆம் பிரிவு சுருக்கமானது: எல்லாக் கூலியும் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ தரப்பட வேண்டும்.

ரொக்கம் அன்றைக்குத் தொழிலாளியின் பாதுகாப்பு என்பதை இன்றைய வாசகர் மறந்துவிடக் கூடாது. தொழிலாளி கையில் வாங்கி எண்ணிப் பார்க்கலாம். குறைந்தால் அங்கேயே கேட்கலாம். பதிவேட்டில் வரவு, பிடித்தம், நிகரத் தொகை என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. அந்தக் கையெழுத்து ஒரே நேரத்தில் இரண்டைச் சொன்னது: பணம் கைக்கு வந்தது, கணக்கும் எனக்குச் சம்மதம். எழுத்தறியாதவரிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிய மோசடிகளும் நடந்தன என்பது உண்மை. ஆனாலும் தொகையும் அதன் கணக்கும் ஒரே வரியில் சேர்ந்திருந்த ஏற்பாடு அது.

1976-இல் இந்தச் சட்டம் முதல் தடவையாகத் தளர்ந்தது. தொழிலாளி எழுத்தில் ஒப்புதல் தந்தால் காசோலையாகவோ, அவர் வங்கிக் கணக்கில் வரவு வைத்தோ கூலி தரலாம் என்று 6-ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்ந்தது. விதி ரொக்கம், வங்கி விலக்கு, விலக்கின் திறவுகோல் தொழிலாளியிடம். இது நாற்பது ஆண்டு நீடித்தது. அந்த நாற்பது ஆண்டில் சட்டத்தை விட வேகமாக மாறியது பணம் போகும் வழிதான். 2005 நவம்பரில் ரிசர்வ் வங்கி நெஃப்ட் முறையைத் தொடங்கியது. முதலாளி ஒரு வங்கியிலும் தொழிலாளி வேறொரு வங்கியிலும் இருந்தாலும் பணம் எளிதாகப் போனது. 2014 ஆகஸ்டில் ஜன்தன் திட்டம் தொடங்கி, கணக்கே இல்லாதிருந்த பலருக்கும் பாஸ்புக் கிடைத்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் ஆண்டு முழுவதும் இருபத்துநான்கு மணி நேரமும், அரைமணிக்கு ஒரு தொகுதியாக இயங்குகிறது.

ஜன்தனுக்கும் இருபத்துநான்கு மணி நேர நெஃப்டுக்கும் நடுவில் 2016 நவம்பர் 8 வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன அந்த வாரங்களில் கவரில் போட நோட்டே கிடைக்கவில்லை. டிசம்பர் 28-இல் கூலி வழங்கல் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் பிறந்தது. 2017 பிப்ரவரியில் அது திருத்தச் சட்டமாயிற்று. நாணயம், நோட்டு, காசோலை, வங்கி வரவு எல்லாம் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. தொழிலாளியின் எழுத்து ஒப்புதல் என்ற நிபந்தனை நீங்கியது. சில தொழில்களில் வங்கி வழியாக மட்டுமே கூலி தரவேண்டும் என்று அறிவிக்கும் அதிகாரமும் அரசுக்குக் கிடைத்தது. அதே 2017-இல் வருமான வரிச் சட்டமும் இறுகியது: ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த செலவைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்றாயிற்று, முன்பு அந்த வரம்பு 20,000. சிறு முதலாளியை வங்கிக்குத் தள்ளியதில் தொழிலாளர் சட்டத்தைவிட இந்த வரி விதிக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. சமையல்காரர் ஒருவரின் மாதச் சம்பளமே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறதே.

2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு 1936 சட்டம் உட்பட நான்கு சட்டங்களை ஒன்றாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மின்னணு வழியும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் சேரவேண்டும். பதிவேடும் ஊதியச் சீட்டும் கட்டாயம். எல்லாவற்றையும்விட முக்கியமானது 59-ஆம் பிரிவு: கூலி கிடைக்கவில்லை என்று தொழிலாளி கோரினால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. கோருவதற்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு.

இனி அந்தச் சமையற்கூடத்துக்குள் போவோம். ஒரு சமையல்காரரின் மாதச் சம்பளம் 20,800 ரூபாய். 26 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு 800, மணிக்கு 100. இந்த மாதம் இரண்டு நாள் வரவில்லை: 1,600 குறையும். ஆறு மணி நேரம் ஓ.டி. பார்த்தார், இரட்டை வீதத்தில் 1,200 கூடும். மாத நடுவில் 3,000 அட்வான்ஸ் ரொக்கமாக வாங்கியிருந்தார். ஆகக் கணக்கில் சேரவேண்டியது 17,400. ஒன்பது பேருக்கும் சேர்த்து 1,52,700 என்று கொள்வோம்.

முதலாளியின் வங்கி அறிக்கையைப் பாருங்கள். பல வங்கிகளில் மொத்தப் பரிமாற்றம் 1,52,700 என்று ஒரே பற்று வரியாகவே விழும். யாருக்கு எவ்வளவு என்பது அதில் இருக்காது. அந்தப் பிரிவினை, ஏற்றிய கோப்பிலும் வங்கி திருப்பித் தரும் முடிவுக் கோப்பிலும்தான் இருக்கிறது. முடிவுக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நிலையும் யு.டி.ஆர். எண்ணும் இருக்கும். அதை அன்றைக்கே இறக்கி வைக்காவிட்டால், இரண்டு வருடம் கழித்து வங்கியிடம் கேட்டு அலைய வேண்டும். அதுவும் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். 17,400 போனது உறுதியாகிறது. ஆனால் சமையல்காரர், எனக்கு வரவேண்டியது 20,400, மூவாயிரம் குறைகிறது என்று கோரினால்? ரொக்க அட்வான்ஸுக்குக் கையெழுத்திட்ட வவுச்சர் இல்லையென்றால் முதலாளியிடம் பதில் இல்லை. வங்கிச் சான்று பணம் போனதைச் சொல்கிறது. கணக்குத் தீர்ந்ததைச் சொல்வதில்லை. பழைய பதிவேட்டின் ஒரே கையெழுத்து சேர்த்துச் சொன்னதை இப்போது வெவ்வேறு தாள்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்: வருகைப் பதிவு, அட்வான்ஸ் வவுச்சர், சம்பளப் பதிவேடு, தொழிலாளி பெற்றுக்கொண்ட ஊதியச் சீட்டு, அப்புறம் வங்கியின் இரண்டு கோப்புகள். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், முன்பு ஸ்டாம்ப் ஒட்டிய அதே இடத்தில், யு.டி.ஆர். எண்ணையும் தேதியையும் எழுதிவைத்தால் இவையெல்லாம் ஒன்றோடொன்று இணைந்துவிடும். அட்வான்ஸையும் வங்கி வழியே கொடுத்துவிட்டால் தகராறின் பெரும்பகுதி பிறக்கவே பிறக்காது.

கோப்பு தயாரிப்பதில் நேரும் பிழைகள் தனி வகை. வங்கிக் கணக்கு எண்களை எக்ஸெல் தாளில் அடிக்கும்போது அது அவற்றை எண்ணாகவே கருதும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். அதன் துல்லியம் பதினைந்து இலக்கம்தான் என்பதால், பஞ்சாப் நேஷனல் வங்கியில் இருப்பதுபோன்ற பதினாறு இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். திரையில் `1.23457E+15` என்பது போலத் தெரிந்தால் அந்தக் கோப்பை ஏற்றக் கூடாது. அந்தப் பத்தியை முதலில் `Text` என்று மாற்றிவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்; அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

தவறான எண் எந்தக் கணக்குக்கும் உரியதல்ல என்றால் பணம் திரும்பி வரும். அது வேறொருவரின் எண்ணாக அமைந்துவிட்டால்தான் ஆபத்து. மின்னணுப் பரிமாற்றத்தில் பெயரைப் பொருத்திப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புவோர் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்த்துக்கொள்ளும் வசதி வந்துள்ளது. புதிய ஆள் சேரும்போது அவர் கணக்கை ஒருதடவை தனியாகப் பதிந்து, பெயரைச் சரிபார்த்து, அதன் பிறகே மொத்தக் கோப்பில் சேர்ப்பது நல்லது. வங்கி இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. பின்னர் அவற்றின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. பழைய பாஸ்புக்கின் நகலை வைத்துக் கோப்பு தயாரித்தால் அந்த வரி திரும்பிவிடும்.

திரும்பிய வரி முதலாளியின் அறிக்கையில் 17,400 வரவாகத் தெரியும். அதைப் பிற வரவுகளோடு கலந்து விட்டுவிட்டால் ஒருவருக்குச் சம்பளமே போகவில்லை என்பது கவனத்துக்கே வராது. 7-ஆம் தேதி மாலை ஏற்றினால், திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் கெடு தாண்டிவிடும். அதனால் 4 அல்லது 5-ஆம் தேதியே ஏற்றி, மறுநாள் காலை முடிவுக் கோப்பை வரி வரியாகப் பார்ப்பதே சரியான பழக்கம்.

இன்னொன்று, கணக்கு யாருடையது என்பது. வெளிமாநிலத் தொழிலாளர் சிலர், ஊரிலுள்ள அண்ணன் கணக்கில் போடுங்கள் என்று கேட்பார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து மேஸ்திரி கணக்கில் போடுவதும் நடக்கிறது. சட்டம் பேசுவது ஊழியரின் கணக்கைப் பற்றி. மேஸ்திரி கணக்கில் போட்ட பணம் மேஸ்திரிக்குக் கொடுத்த பணமே. விட்லி ஆணையத்தின் காலத்து இடைத்தரகரை வங்கி வழியாகத் திரும்ப அழைத்து வருவதற்கு ஒப்பாகும். ஆவணம் குறைவாகக் கொண்டு திறந்த சிறு கணக்கு என்றால் வேறொரு தடை இருக்கிறது: அதில் ஓராண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 17,400 வீதம் ஆறாம் மாதத்திலேயே அந்த வரம்பு மீறும். தொழிலாளி முறையான கே.ஒய்.சி. ஆவணம் தந்து அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ள, வேலையில் சேரும்போதே சொல்லிவிட வேண்டும்.

எழுத்து ஒப்புதல் இன்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் 1976-இன் அந்த வழக்கத்தை விடாமல் இருப்பதே நல்லது. தொழிலாளி தன் கணக்கு எண்ணைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள், பாஸ்புக் முதல் பக்க நகலோடு இருந்தால், பணம் வேறெங்கோ போன நாளில் பிழை யாருடையது என்பது தெரிந்துவிடும். பழைய சட்டம் பதிவேடுகளைக் கடைசிப் பதிவிலிருந்து மூன்றாண்டு வைத்திருக்கச் சொன்னது. வரிக் கணக்குக்கான புத்தகங்களை அதைவிட நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியிருப்பதால், கூலிக் கோப்புகளையும் அவற்றோடு சேர்த்தே வைத்திருப்பது எளிது.

மாதம் ஒருமுறை கோப்பு ஏற்றும் பழக்கம் ஒரு புதிய தவறையும் கொண்டுவந்திருக்கிறது. வேலையை விட்டுப் போகிறவருக்கும், அடுத்த மாதக் கோப்பில் சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் விலகினாலும் விலக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் அவர் கூலி தரப்பட வேண்டும். அந்தச் சமையல்காரர் 12-ஆம் தேதி நின்றுவிட்டால், அவருக்கு மட்டும் 14-ஆம் தேதிக்குள் தனிப் பரிமாற்றம் செய்து, மீதி அட்வான்ஸ், ஓ.டி. எல்லாம் காட்டிய முழுக் கணக்குத் தாளில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.