குறைந்த செலவு உள்ளீட்டுச் சேர்க்கை: அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் களையெடுப்பு

ஒரே அளவு விளைச்சலையோ வேலையையோ பெறுவதற்கு ஆளையும் இயந்திரத்தையும் பல விகிதங்களில் சேர்க்கலாம். அவற்றுள் எந்தச் சேர்க்கைக்குச் செலவு மிகக் குறைவு என்று கண்டுபிடிக்கும் முறையே குறைந்த செலவு உள்ளீட்டுச் சேர்க்கை எனப்படுகிறது. ஒரே அளவு வேலையைத் தரும் சேர்க்கைகளை எல்லாம் இணைத்து வரைவது சம உற்பத்திக் கோடு. ஒரே தொகைக்குக் கிடைக்கக்கூடிய சேர்க்கைகளை இணைப்பது சம செலவுக் கோடு. முன்னது வளைந்திருக்கும், பின்னது நேர்கோடு. சம உற்பத்திக் கோட்டை எட்டித் தொடுகின்ற, எல்லாவற்றிலும் தாழ்ந்த சம செலவுக் கோடு எந்த இடத்தில் தொடுகிறதோ அங்கேதான் விடை இருக்கிறது. கூலியோ வாடகையோ மாறினால் நேர்கோட்டின் சரிவு மாறும், தொடும் இடமும் நகரும்.

இந்த நகர்வைக் கண்முன் காட்டும் நிலப்பகுதி விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் காடு இது. சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, உளுந்து என்றிருந்த மானாவாரியில் இன்று மக்காச்சோளம் பெரிய இடம் பிடித்திருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு முடிந்து இருபது, இருபத்தைந்து நாளில் முதல் களை. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் ஆள் தேடும் காலம் அது.

கருத்தின் வரலாறு

வேலையாளை எத்தனை பேர் வரை அமர்த்தலாம் என்ற கேள்வியைப் பண்ணைக் கணக்கைக் கொண்டு கேட்டவர் ஜெர்மானியரான ஃபான் தூனென். மெக்லன்பர்க் பகுதியில் தம் சொந்தப் பண்ணையின் வரவு செலவைப் பல ஆண்டுகள் எழுதிவைத்தவர் அவர். கடைசியாக அமர்த்தப்பட்ட ஆள் கூட்டித் தரும் விளைச்சலின் மதிப்பு அவருடைய கூலிக்குச் சமமாகும் வரை ஆள் சேர்க்கலாம் என்று 1850-இல் வெளிவந்த நூற்பகுதியில் அவர் காட்டினார். படமாக வரையும் வழக்கம் 1920-களில்தான் வந்தது. சம உற்பத்திக் கோட்டுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரை நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ் தம் வகுப்புகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1932-இல் ஹிக்ஸ் கூலி பற்றிய தம் நூலில் அடுத்த அடியை எடுத்துவைத்தார். கூலிக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம் மாறும்போது ஆளுக்குப் பதிலாக இயந்திரம் எவ்வளவு எளிதில் நுழைகிறது என்பதை ஓர் எண்ணால் அளந்தார். அதுவே பதிலீட்டு நெகிழ்ச்சி. அமெரிக்காவின் அயோவாவில் ஏர்ல் ஹெடி 1952-இல் எழுதிய பெருநூல் இந்தக் கோடுகளைப் பண்ணைப் பொருளியலின் அன்றாடக் கருவியாக்கியது.

இந்தியாவில் 1954-55 முதல் மத்திய அரசு நடத்திய பண்ணை மேலாண்மை ஆய்வுகள் இக்கணக்குக்குத் தரவு தந்தன. சென்னை மாநிலத்தில் அவற்றுக்குத் தேர்வானவை சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள். அந்த ஆய்வுகளைப் படித்த அமர்த்திய சென் 1962-இல் ஒரு சிக்கலைச் சுட்டினார். குடும்பத்தார் தம் நிலத்தில் செய்யும் வேலைக்குச் சந்தைக் கூலியைப் போட்டால், இந்திய வேளாண்மையில் பெரும்பகுதி நட்டத்தில் நடப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் அந்தக் குடும்பத்துக்குத் தன் உழைப்பின் விலை சந்தைக் கூலி அன்று. திருச்சுழிப் பக்கத்துச் சிறு விவசாயியின் கணக்கை எழுதும் எவரும் இதை மறக்கக்கூடாது. பின்னால் மீண்டும் இது தேவைப்படும்.

ஓர் ஏக்கர் மக்காச்சோளம்

கீழே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. வட்டாரத்தின் இயல்புக்கு ஏற்றவை. வரிசைக்கு வரிசை 60 செ.மீ. இடைவெளிவிட்டு விதைத்த ஓர் ஏக்கரை முதல் களை எடுத்துச் சுத்தமாக்க வேண்டும். கையில் களைக்கொத்து மட்டும் இருந்தால் 14 ஆள்நாள் ஆகும். வரிசைகளுக்கு இடையே பவர் வீடரை ஒரு மணி நேரம் ஓட்டினால் 10 ஆள்நாள் போதும். இரண்டு மணி நேரம் ஓட்டினால் 7, மூன்று மணிக்கு 5, நான்கு மணிக்கு 4. இந்த ஐந்து சேர்க்கைகளும் ஒரே சம உற்பத்திக் கோட்டின் மேல் இருக்கின்றன.

முதல் மணி நேரம் 4 ஆள்நாளை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது 3, மூன்றாவது 2, நான்காவது ஒன்றே ஒன்று. இப்படிக் குறைந்துகொண்டே போவதற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. இயந்திரம் முதலில் நடு இடைவெளியில் மண்டிக் கிடக்கும் களையைப் புரட்டிவிடும். அடுத்தடுத்த ஓட்டத்தில் மிஞ்சியிருப்பது பயிரின் தூரை ஒட்டிய களை. அங்கே கத்தி போனால் பயிரும் சேர்ந்து போகும். குனிந்து கொத்துகிற கைதான் வேண்டும். அதனால் கோடு 4 ஆள்நாளுக்குக் கீழே இறங்குவதில்லை.

நாள் கூலி 100 ரூபாய், இயந்திர வாடகை மணிக்கு 350 ரூபாய் என்று வைப்போம். ஒரு மணி நேர வாடகைக்கு மூன்றரை ஆள்நாள் வாங்கலாம். முதல் மணி நேரம் 4 ஆள்நாளை மிச்சப்படுத்துவதால் அது லாபம். இரண்டாவது 3 ஆள்நாளையே மிச்சப்படுத்துவதால் நட்டம். ஆகவே ஒரு மணி நேரமும் 10 ஆள்களும். செலவு 1,350 ரூபாய். முழுக்க ஆளை வைத்தாலும் 1,400 ரூபாய்தான். ஐம்பது ரூபாய்க்காக இயந்திரம் தேடி யாரும் அலைவதில்லை. கூலி மலிவாக இருந்த காலத்தில் இயந்திரம் ஊருக்குள் வராததற்கு விவசாயியின் பழமைப் பற்றைக் காரணம் சொல்வது தவறு. அன்றைய விலைக்கு அவர் கணக்கு சரி.

இப்போது கூலி மட்டும் 350 ஆகட்டும். பழைய சேர்க்கையையே பிடித்துக்கொண்டால் 3,850 ரூபாய் ஆகும். ஒரு மணி நேர வாடகைக்கு இனி ஓர் ஆள்தான் கிடைக்கும் என்பதால், ஓர் ஆள்நாளுக்கு மேல் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் லாபம். மூன்று மணி நேரமும் 5 ஆளும் என்றால் 2,800. நான்கு மணி நேரமும் 4 ஆளும் என்றாலும் அதே 2,800. சேர்க்கையை மாற்றியதால் 1,050 ரூபாய் மிச்சம். ஆனாலும் செலவு பழைய 1,350-இல் நிற்கவில்லை. மாற்றுவது உயர்வின் ஒரு பகுதியைத்தான் தாங்கும்.

டீசலும் ஓட்டுநர் சம்பளமும் ஏறுவதால் வாடகையும் நிற்பதில்லை. அது 600 ஆனால் மூன்று மணி, 5 ஆள் சேர்க்கைக்கு 3,550 ரூபாய், அதுவே குறைந்தது. களை உச்சத்தில் வாடகை 1,000 ஆனால் தொடும் இடம் பின்னால் நகர்ந்து இரண்டு மணி, 7 ஆள் என்றாகும், செலவு 4,450. கூலியும் வாடகையும் ஒன்றாக இருமடங்கானால் செலவு இருமடங்காகும், ஆனால் சேர்க்கை அசையாது. முடிவு செய்வது அவற்றின் விகிதமே.

மானியத்தின் விளைவையும் இதே எண்களில் பார்க்கலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் இயந்திரங்களைக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. கூலி 350 இருக்கையில் வாடகை 600-இலிருந்து 400-க்கு இறங்கினால் விவசாயிக்கு 600 ரூபாய் மிச்சம். ஆனால் சேர்க்கை அதே மூன்று மணி, 5 ஆள்தான். வாடகை 350-க்கும் கீழே போனால்தான் நான்காவது மணி நேரம் கட்டுபடியாகும். மானியம் தந்தால் இயந்திரப் பயன்பாடு தானாகப் பெருகும் என்று எதிர்பார்ப்பவர்கள் முதலில் அந்த வேலைக்குரிய கோட்டை வரைந்து பார்க்க வேண்டும்.

ஆள் பக்கத்துக் கணக்கும் உண்டு. இந்தப் பக்கத்தில் களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கூலி 100, வாடகை 350 என்ற நிலையில் ஓர் ஏக்கருக்கு அவர்கள் பெற்றது 1,000 ரூபாய். கூலி 350, வாடகை 600 ஆனபின் 1,750. வேலை நாள் பாதியாகிவிட்டது. மொத்தச் செலவில் அவர்கள் பங்கு ஏறக்குறைய 74 விழுக்காட்டிலிருந்து 49-க்கு இறங்கிவிட்டது. வாடகையோடு ஒப்பிட்ட கூலி இருமடங்கானபோது, ஆளோடு ஒப்பிட்ட இயந்திரப் பயன்பாடு ஆறு மடங்கானதே காரணம். ஹிக்ஸ் அளந்த நெகிழ்ச்சி ஒன்றுக்கு மேல் போனால் நடப்பது இதுதான்.

கூலி ஏன் ஏறியது

நூறு நாள் வேலைத் திட்டம் விருதுநகர் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 2011-12-இல் 119 ரூபாய். 2025-26-இல் 336 ரூபாய். செய்த வேலையின் அளவைப் பொறுத்துக் கையில் கிடைப்பது குறையலாம். என்றாலும் வயல் கூலியைப் பேச ஒரு தரை கிடைத்தது. வயலில் கூலி ஏறியதற்கு முழுப் பழியையும் இத்திட்டத்தின் மேல் போடுவது நியாயமில்லை. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளும் இதே ஊர்களிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. வெயிலில் குனிந்து செய்யும் வேலைக்கு அவற்றைவிடக் குறைவாகக் கொடுத்தால் யார் வருவார்?

கணக்கு பிசகும் இடங்கள்

முதலாவது, கரிசலின் ஈரம். மழை விட்ட மறுநாள் அந்த மண் கத்தியில் அப்பிக்கொள்ளும். காய்ந்து இறுகினால் கத்தி இறங்காது. இரண்டுக்கும் நடுவே சில நாள்தான் பக்குவம். அந்த நாள் தவறிக் களை முற்றிவிட்டால் சம உற்பத்திக் கோடே மேலே போய்விடும்; எந்தச் சேர்க்கைக்கும் ஆளும் மணி நேரமும் கூடுதலாக வேண்டும். வாடகை குறையட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பவர் சரிவில் மிச்சம் பிடித்து, கோட்டில் இழக்கிறார்.

இரண்டாவது, ஒரே கோட்டின் மேல் நிற்கிறோமா என்பது. ஆளைக் குறைத்து வேகமாக ஓட்டி முடித்த வயலில் பதினைந்து நாளில் தூரடிக் களை மீண்டும் தழைத்தால், அது அதே வேலை அன்று. குறைந்த செலவு என்று தோன்றியது குறைந்த வேலைக்கான விலை. கையால் வீசி விதைத்த வயலுக்கு இந்தக் கோடே பொருந்தாது. இயந்திரம் நுழைய வரிசை வேண்டும்.

மூன்றாவது, சென் சுட்டிய இடம். வேறு வேலைக்குப் போக முடியாத முதியவர் தம் வயலில் களை எடுத்தால், அவர் நாளுக்கு 350 என்று எழுதுவது பொய்க் கணக்கு. ஆலை வேலையை விட்டுவந்த மகள் எடுத்தால் 350-க்கும் மேலே எழுத வேண்டும். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வெவ்வேறு சேர்க்கை நிற்பதற்கு இதுவே காரணம். இரண்டுமே சரியாக இருக்கலாம். சொந்த இயந்திரத்துக்கும் இதே விதிதான்: அடுத்தவருக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் தொகையே அதன் வாடகை.

கடைசியாக, படத்துக்கு வெளியே இருக்கும் முடிவு. மானாவாரிப் பருத்தி பல தடவையாக வெடிக்கும். இங்கே அதைக் கையால்தான் எடுக்கிறார்கள். பதிலீடு இல்லாத வேலைக்குச் சம உற்பத்திக் கோடு வளைவதில்லை, செங்கோணமாக நிற்கும். கூலி எவ்வளவு ஏறினாலும் சேர்க்கை மாறாது, செலவு மட்டும் ஏறும். அப்போது விவசாயி பயிரையே மாற்றுகிறார், அல்லது நிலத்தைச் சீமைக் கருவேலத்துக்கு விடுகிறார். ஒரு வேலையைக் குறைந்த செலவில் செய்யும் வழியைத்தான் இந்தக் கோடுகள் சொல்லும். அந்தப் பயிர் கட்டுபடியாகுமா என்பதற்குக் கொள்முதல் விலையைக் கேட்க வேண்டும்.